ஆறு எண்களுக்குள் ஒரு மாட்டின் நோய்: யுஎஸ்எஸ்டி மெனு கட்டிய அனுபவம்

கென்யாவில் அபர்டேர் மலைத்தொடருக்கு மேற்கே நியாண்டருவா என்ற குளிர்ந்த மேட்டு நிலம் இருக்கிறது. உருளைக்கிழங்கும் பாலும்தான் அங்கே பிழைப்பு. வீட்டுக்கு இரண்டு மூன்று ஃப்ரீஷியன் மாடுகள், காலையில் சங்கத்துக்குப் பால், மாதம் ஒருமுறை பணம். அப்படி ஒரு பால் கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு மாட்டு டாக்டரையும் வைத்திருந்தது. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யலாம். ஆனால் டாக்டர் ஒருவர், அழைப்புகள் பல. அவர் ஒரு தொழுவத்தில் கையை விட்டுக் கன்றை இழுத்துக்கொண்டிருக்கும்போது போனை எடுக்க முடியாது. எடுக்காத அழைப்புகளில் எது அவசரம், எது நாளைக்குப் பார்த்தால் போதும் என்று தெரியாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அதற்காக நான் கட்டிய எண் மெனுவைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

உறுப்பினர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது பட்டன் போன். இணையம் கிடையாது. எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லலாம்தான், ஆனால் பட்டனை மூன்று முறை அழுத்தி ஓர் எழுத்து கொண்டுவந்து நோயை விவரிக்க யாருக்கும் பொறுமை இல்லை. எண் மெனுவோ அங்கே எல்லோருக்கும் கைவந்த பழக்கம். எம்-பெசா என்ற போன் வழிப் பணச் சேவை 2007இல் வந்ததிலிருந்து பணம் அனுப்புவதே மெனுவில் வரிசையாகத் தேர்ந்தெடுத்துத்தான். `*144#` போட்டு மீதிப் பணம் பார்க்காத, சஃபாரிகாம் என்ற போன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் இருக்க மாட்டார். ஆகவே யுஎஸ்எஸ்டி. நட்சத்திரத்தில் தொடங்கி ஹாஷில் முடியும் எண்ணை அழுத்தினால் திரையில் ஒரு பட்டியல் வரும், எண்ணை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும், அடுத்த திரை வரும். இது எஸ்எம்எஸ் போல எங்கும் சேமிக்கப்படுவதில்லை. போனுக்கும் நெட்வொர்க்குக்கும் இடையே ஒரு தொடர்பு திறந்திருக்கும்வரை உரையாடல் நடக்கும். அது அறுந்தால் எல்லாம் போச்சு.

வேலையின் பாதி, நிரல் எழுதுவதற்கு முன்பே இருந்தது. டாக்டரின் உதவியாளர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். யார் கூப்பிட்டார்கள், என்ன சொன்னார்கள், டாக்டர் போனபோது என்ன நோய் இருந்தது என்று அதில் எழுதியிருந்தார். அந்த நோட்டைப் படித்ததும் ஒன்று தெளிவாகிவிட்டது. கூப்பிடுகிறவர் யாரும் நோயின் பெயரைச் சொல்வதில்லை. 'காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை, நேற்று கன்று போட்டது' என்கிறார். 'வயிறு பறை மாதிரி இருக்கிறது' என்கிறார். 'பாலில் கட்டி கட்டியாக வருகிறது' என்கிறார். சங்கம் முதலில் எனக்குக் கொடுத்த தாளிலோ நோய்ப் பெயர்கள்தான் தெரிவுகளாக இருந்தன: பால் காய்ச்சல், மடிவீக்கம், வயிற்று உப்புசம், உண்ணிக் காய்ச்சல், கோமாரி. அதை மெனுவாகப் போட்டிருந்தால் விவசாயியைத்தான் டாக்டராக்கியிருப்போம்.

எனவே தெரிவுகளைக் கண்ணால் பார்க்கக்கூடியவையாக மாற்றினேன். டாக்டருடன் உட்கார்ந்து நோட்டின் ஒவ்வொரு வரியையும் ஏதாவது ஒரு குவியலில் சேர்த்தோம். கடைசியில் சுவாஹிலி மொழியில் நின்ற முதல் திரை இது:

```
Ng'ombe ana shida gani?
1 Hawezi kusimama
2 Anashindwa kuzaa
3 Tumbo limevimba
4 Hataki kula
5 Kiwele au maziwa
6 Shida nyingine
```

மாட்டுக்கு என்ன பிரச்சினை என்பது கேள்வி. எழுந்து நிற்க முடியவில்லை, கன்று ஈன முடியவில்லை, வயிறு வீங்கியிருக்கிறது, தீனி எடுக்கவில்லை, மடி அல்லது பாலில் பிரச்சினை, வேறு ஏதாவது என்பவை தெரிவுகள். வரிசை அகரவரிசையும் இல்லை, எது அதிகம் வரும் என்பதும் இல்லை. எது மாட்டைச் சீக்கிரம் கொல்லும் என்பதே வரிசை. கன்று போட்ட மாடு இரத்தத்தில் கால்சியம் குறைந்து படுத்துவிட்டால், நரம்பு வழியாகக் கால்சியம் மெதுவாக ஏற்றாவிட்டால், சில மணி நேரத்தில் இறந்துவிடலாம். வயிறு உப்பி மூச்சு முட்டும் மாடும் அப்படித்தான். மடிவீக்கத்துக்கும் வைத்தியம் வேண்டும், ஆனால் மாலைவரை பொறுக்கும்.

வரிசையில் இவ்வளவு கவனம் வைத்ததற்கு போனின் உடம்பே காரணம். சோதனைக்கு நான் வாங்கிய பட்டன் போன்களின் திரை 1.8 அங்குலம்தான். ஒரு நேரத்தில் ஐந்தாறு வரி தெரியும், மீதிக்குக் கீழே உருட்ட வேண்டும். கீழே இன்னும் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அதைவிட முக்கியமான ஒன்று: இந்தப் போன்களில் மெனுவும் பதில் பெட்டியும் ஒரே திரையில் வருவதில்லை. மெனுவைப் படித்துவிட்டு 'பதில்' பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தியதும் மெனு மறைந்து ஒரு வெற்றுப் பெட்டி வரும். எண்ணை நினைவிலிருந்துதான் அழுத்த வேண்டும். ஸ்மார்ட்போனில் சோதித்தால் மெனுவும் பெட்டியும் சேர்ந்தே தெரியும் என்பதால் இந்தச் சிக்கல் கண்ணில் படவே படாது. பத்து தெரிவுகள் கொண்ட திரை கணினியில் அழகாக இருக்கும், பட்டன் போனில் அது ஞாபகசக்தித் தேர்வு. ஆறுக்கு மேல் போக வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தேன். சஃபாரிகாம் மெனுக்களில் 98 அழுத்தினால் மீதிப் பட்டியல் வரும். அந்த வழியும் எனக்கு இருந்தது. ஆனால் மாடு கீழே கிடக்கும்போது யாரும் இரண்டாம் பக்கம் தேட மாட்டார்கள்.

இனி எழுத்து எண்ணிக்கை. யுஎஸ்எஸ்டியில் ஒரு திரைக்கு 160 பைட் இடம். ஜிஎஸ்எம் எழுத்துத் தொகுதியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழு பிட் போதும் என்பதால் அந்த 160 பைட்டுக்குள் 182 எழுத்து அடங்கும். மேலே உள்ள திரை, வரி மாற்றங்களையும் சேர்த்து எண்ணினால், 128. தாராளமாக இடம் இருந்தது. நான் எனக்கு 160 எழுத்தை எல்லையாக வைத்துக்கொண்டேன், ஏனென்றால் நெட்வொர்க்குக்கும் என் சர்வருக்கும் நடுவில் உள்ள கேட்வேக்கள் எல்லாம் 182 வரை ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

அப்படியிருந்தும் முதல் களச் சோதனையில் திரை பாதியில் வெட்டுப்பட்டது. ஒரு நெட்வொர்க்கில் மெனு முழுதாக வந்தது, ஆனால் `Ng?ombe` என்று கேள்விக்குறியோடு. இன்னொன்றில் கேள்வியும் முதல் மூன்று தெரிவுகளும் வந்து, அடுத்த வரியில் வெறும் `4` மட்டும் நின்றது. அங்கேதான் பதில் இருந்தது. திரையின் முதல் எழுத்திலிருந்து அந்த `4` வரை எண்ணிப் பார்த்தால் சரியாக 80. ஏழு பிட் எழுத்துத் தொகுதிக்கு வெளியே உள்ள ஓர் எழுத்து வந்தாலும் போதும், முழுத் திரையும் எழுத்துக்கு இரண்டு பைட் என்ற முறைக்கு மாறிவிடும். 160 பைட்டில் 80 எழுத்து. ஆக எங்கோ ஒரு வேற்று எழுத்து ஒளிந்திருக்கிறது. அது `Ng'ombe` என்ற சொல்லின் மேற்கோள் குறி. சுவாஹிலி வாசகங்களைச் சங்கம் ஆவணக் கோப்பாகத் தந்திருந்தது. அந்த மென்பொருள் நேர்க் குறியைத் தானாகவே வளைந்த குறியாக மாற்றியிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நேர்க் குறி ஜிஎஸ்எம் தொகுதியில் உண்டு, வளைந்தது இல்லை.

சுவாஹிலியில் இந்தக் குறி மாட்டின் பெயரிலேயே இருக்கிறது. மாட்டைப் பற்றி எந்தத் திரை போட்டாலும் வரும். அதனால் கண்ணை நம்பாமல், சர்வர் தொடங்கும்போதே எல்லாத் திரைகளையும் சோதிக்கும் ஒரு சிறு காவலை வைத்தேன்:

```python
import string
OK = set(string.ascii_letters + string.digits + " \n.,:'?!/-")

for name, s in SCREENS.items():
    bad = set(s) - OK
    assert not bad, (name, bad)
    assert len(s) <= 160, (name, len(s))
```

ஜிஎஸ்எம் தொகுதியில் இதைவிட அதிக எழுத்துகள் உண்டு, ஆனால் எனக்கு இவை போதும். சதுர அடைப்புக்குறி, சுருள் அடைப்புக்குறி போன்ற சில குறிகள் அனுமதிக்கப்பட்டவைதான் என்றாலும் இரண்டு எழுத்து இடத்தைப் பிடிக்கும். அவற்றை விட்டுவிட்டால் எண்ணிக்கை நேராக இருக்கும்.

இந்த 80 என்ற எல்லை தமிழில் மெனு கட்ட நினைப்பவர்களுக்கு எப்போதும் இருக்கும் எல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ் எழுத்து எதுவும் அந்த ஏழு பிட் தொகுதியில் இல்லை. போதாக்குறைக்கு, நாம் ஓர் எழுத்து என்று நினைப்பது பல நேரம் கணினிக்கு இரண்டு: 'கு' என்றால் 'க'வும் உகரக் குறியும், 'க்' என்றால் 'க'வும் புள்ளியும். இதே திரையை 'மாட்டுக்கு என்ன பிரச்சினை?', '1 எழ முடியவில்லை', '2 கன்று வரவில்லை', '3 வயிறு உப்பல்' என்று எழுதி எண்ணிப் பார்த்தேன். வரி மாற்றங்களோடு 75. மூன்றே தெரிவு, அதற்குள் திரை முடிந்துவிட்டது. தமிழில் இதைக் கட்டினால் கேள்வியை 'மாட்டுக்கு?' என்று சுருக்கி, ஒரு திரையை இரண்டாகப் பிரித்து, கூடவே போனில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சரி, நிரலுக்கு வருவோம். ஆப்ரிக்காஸ் டாக்கிங் என்ற நிறுவனத்தின் சோதனைக் களத்தில்தான் தொடங்கினேன். அங்கே `*384*` என்று தொடங்கும் ஒரு சோதனை எண் தருவார்கள். யாராவது அதை அழுத்தினால் நம் சர்வருக்கு `sessionId`, `phoneNumber`, `serviceCode`, `text` போன்ற விஷயங்கள் வரும். நாம் வெறும் உரையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அது `CON` என்று தொடங்கினால் பதில் பெட்டியோடு திரை வரும், `END` என்று தொடங்கினால் உரையாடல் முடியும். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது `text`. கடைசியாக அழுத்திய எண் மட்டும் அதில் வராது. தொடக்கத்திலிருந்து அழுத்திய எல்லாம் நட்சத்திரத்தால் கோக்கப்பட்டு வரும். முதலில் வெறுமை, பிறகு `1`, பிறகு `1*1`. பல எடுத்துக்காட்டு நிரல்கள் இதை `if text == "1*1"` என்று நேராக ஒப்பிடுகின்றன. எல்லோரும் சரியாக அழுத்தும்வரை அது ஓடும். ஒருவர் 1 அழுத்தி, அடுத்து இல்லாத 9ஐ அழுத்தி, பிறகு சரியான 2ஐ அழுத்தினால் வருவது `1*9*2`. அந்த 9 உரையாடல் முடியும்வரை போகாது. திரும்பிப் போக 0 அழுத்தினாலும் அப்படியே, `1*0*3` என்று சேர்ந்துகொண்டே போகும். இதற்கெல்லாம் ஒப்பீடு எழுதி மாளாது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து நடந்து வருவதுதான் வழி:

```python
KEY = {".": "1", "a": "2", "d": "3",
       "g": "4", "j": "5", "m": "6", " ": "0"}

def walk(text):
    node, trail = "start", []
    for k in text.split("*"):
        k = KEY.get(k.lower(), k)
        if k == "0" and trail:
            node, _ = trail.pop()
        elif k in GO[node]:
            trail.append((node, k))
            node = GO[node][k]
    return node, trail
```

`GO` என்பது எந்தத் திரையில் எந்த எண்ணை அழுத்தினால் எங்கே போகும் என்ற அட்டவணை. இல்லாத எண் வந்தால் நடை நகராது, அதே திரை மீண்டும் வரும், மேலே, எந்த எண்களில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லும் `Chagua 1-6` போன்ற ஒரு வரியோடு. 0 வந்தால் ஒரு படி பின்னால். யாராவது ஒன்றும் அழுத்தாமல் அனுப்பிவிட்டாலும் ஒன்றும் ஆகாது. `trail` என்பதில் கடைசியாக நின்ற பதில்கள் மட்டும் இருக்கும், டாக்டருக்குப் போவது அதுதான்.

மேலே இருக்கும் `KEY` அட்டவணை விசித்திரமாகத் தோன்றலாம். சோதனைக்கு வந்த ஒரு வயதான அம்மாவின் போனில் எந்த எண் அழுத்தினாலும் அதே திரையே வந்துகொண்டிருந்தது. 'மாமா, என்ன அழுத்தினீர்கள்?' என்று கேட்டேன் (அங்கே வயதில் பெரிய பெண்களை மரியாதையாக மாமா என்றுதான் அழைப்பார்கள்). 'ஒன்றுதான் அழுத்தினேன், பாருங்கள்' என்று காட்டினார். அவர் அழுத்தியது ஒன்றேதான். ஆனால் அந்தப் போனில் பதில் பெட்டி எண் முறையில் திறக்காமல் எழுத்து முறையில் திறந்தது. 1 என்ற பட்டனில் முதலில் இருப்பது புள்ளி. சர்வருக்கு வந்தது `.` மட்டும். 2 அழுத்தினால் `a`, 3 அழுத்தினால் `d`. வாக்கியத் தொடக்கம் என்று போன் நினைத்தால் பெரிய `A`. பட்டனை நீண்ட நேரம் அழுத்தினால் எண் வரும் என்று அவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் அடுத்த அம்மாவுக்கு யார் கற்றுக்கொடுப்பது? எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்பது எழுத்திலிருந்தே தெரிகிறது என்பதால் சர்வரிலேயே மாற்றிவிட்டேன். எழுத்தைப் பதிலாகக் கேட்கும் திரை ஒன்றுகூட இல்லாததால் குழப்பம் வர வாய்ப்பில்லை.

இரண்டாம் கேள்வி, முதல் பதிலைப் பொறுத்து மாறும். எழுந்து நிற்காத மாடு என்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம் அது எப்போது கன்று போட்டது என்பதுதான். பால் காய்ச்சல் பெரும்பாலும் கன்று போட்டு மூன்று நாளுக்குள் வருவது. அதனால் திரை இப்படி:

```
Amezaa lini?
1 Leo au jana
2 Wiki hii
3 Zamani
4 Bado
0 Rudi
```

இன்று அல்லது நேற்று, இந்த வாரம், வெகு நாள் முன்பு, இன்னும் இல்லை, கடைசியில் திரும்பிப் போக 0. '72 மணி நேரத்துக்குள்ளா?' என்று கேட்டால் துல்லியமாக இருந்திருக்கும், ஆனால் தொழுவத்தில் யாரும் மணிக்கணக்கு வைப்பதில்லை. டாக்டருக்கு 1 வந்தாலே போதும், கால்சியம் பாட்டிலோடு கிளம்பிவிடுவார். 2 வந்தாலும் பாட்டிலை எடுத்துக்கொள்வார், போய்ப் பார்த்துவிட்டுத் தீர்மானிப்பார். எண்ணாகச் சுருங்கும் பதில் டாக்டரின் அடுத்த செயலை மாற்ற வேண்டும், மாற்றாத நுணுக்கத்தைக் கேட்டுப் பயனில்லை. 'எத்தனை வயது', 'எந்த இனம்' என்ற கேள்விகளை இந்த அளவுகோலில்தான் தூக்கினோம்.

தீனி எடுக்காத மாடு விஷயத்தில் இது எதிர்ப்பக்கம் வேலை செய்தது. ஆரம்பத்தில் அங்கே இரண்டாம் கேள்வி எதுவும் இல்லை. ஆனால் 6, அதாவது 'வேறு ஏதாவது', நினைத்ததைவிட அதிகம் வந்தது. 6 அழுத்தியவர்களிடம் டாக்டர் போனில் கேட்டதை உதவியாளர் பழைய நோட்டிலேயே எழுதிக்கொண்டு வந்தார். பார்த்தால், அதில் பெரிய பங்கு ஒரே மாதிரி: காய்ச்சல், தீனி இல்லை, காதுக்குக் கீழே வீக்கம். உண்ணியால் பரவும் கிழக்குக் கரைக் காய்ச்சலின் அடையாளம் அது, காதோர நிணநீர்க் கட்டி வீங்குவது. வீக்கத்தைப் பார்த்தவர் அதைத்தான் முதலில் சொல்ல நினைக்கிறார், மெனுவில் அதற்கு இடமில்லை, எனவே 6. முதல் திரையில் ஏழாவது தெரிவு சேர்க்காமல், 4க்குப் பின்னால் ஒரு கேள்வி வைத்தேன்:

```
Uvimbe karibu na sikio?
1 Ndiyo
2 Hapana
3 Sijui
0 Rudi
```

காதுக்குப் பக்கத்தில் வீக்கம் உண்டா? ஆம், இல்லை, தெரியாது. முதல் திரையின் 4ஐயும் `Hataki kula, uvimbe` என்று நீட்டினேன். 'தெரியாது' என்பதை வைப்பதில் டாக்டருக்குத் தயக்கம் இருந்தது, எல்லோரும் அதையே அழுத்துவார்கள் என்றார். அது இல்லாவிட்டால் இருட்டில் மாட்டைத் தொட்டுப் பார்க்காதவர் 'இல்லை' என்று அழுத்துவார், அந்த 'இல்லை'யை நம்பி டாக்டர் அந்தப் பக்கமே யோசிக்காமல் போவார். போன் செய்து, 'காதுக்குக் கீழே கொஞ்சம் தடவிப் பாருங்கள்' என்று கேட்க 'தெரியாது' இடம் தருகிறது. இப்போது அவரே அதை எடுக்க விட மாட்டார்.

கடைசித் திரை உறுதி செய்வது. எண்ணை நினைவிலிருந்து அழுத்துகிறார்கள் என்பதால், அழுத்திய எண்ணைச் சொல்லிப் பயனில்லை, அதன் பொருளைத் திருப்பிச் சொல்ல வேண்டும்: `Hawezi kusimama. Amezaa leo au jana.` கீழே `1 Tuma`, `0 Rudi`: அனுப்பவா, திரும்பவா. தவறாக அழுத்தியவர் இங்கே கண்டுபிடித்துத் திரும்பிப் போகிறார். அனுப்பிய பிறகு வரும் `END` திரை பட்டன் பட்டால் மறைந்துவிடும், எங்கும் பதிவாகாது. அதனால் 'டாக்டர் அழைப்பார்' என்பதை எஸ்எம்எஸ்ஸாகவும் அனுப்புகிறோம். அந்த எஸ்எம்எஸ்ஸை அதே கோரிக்கைக்குள் அனுப்பக் கூடாது. யுஎஸ்எஸ்டியில் சர்வர் சில நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் தொடர்பு அறுந்துவிடும். வரிசையில் போட்டுவிட்டு, திரையை உடனே அனுப்பிவிட்டு, எஸ்எம்எஸ் பின்னால் போகட்டும். இதே காரணத்துக்காக, யாரும் வராதபோது தூங்கிவிடும் இலவச சர்வர் இந்த வேலைக்கு ஆகாது. அது எழுந்திருக்கும் நேரத்துக்குள் முதல் அழைப்பு செத்துவிடும், விவசாயியின் ஆண்ட்ராய்டு போன் `Connection problem or invalid MMI code` என்று சொல்லும், அவர் எண் தவறு என்று நினைத்து விட்டுவிடுவார்.

தொடர்பு அறுவது சர்வரால் மட்டுமில்லை. மேட்டுப் பகுதியில் சிக்னல் ஊசலாடும். படிக்க நேரம் எடுத்தாலும் நெட்வொர்க் மூடிவிடும். மறுபடி அழுத்தினால் புது `sessionId`, வெறும் `text`, முதல் திரை. அதற்கு இரண்டு ஏற்பாடு செய்தேன். ஒவ்வொரு கோரிக்கையிலும் வந்த `text`ஐ போன் எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்கிறேன். பத்து நிமிடத்துக்குள் அதே எண் மறுபடி வந்தால் முதலில் `1 Endelea`, `2 Anza upya` என்று கேட்கிறேன்: தொடரவா, புதிதாகத் தொடங்கவா. 1 என்றால், அந்த 1ஐ மட்டும் விட்டுவிட்டு, பழைய சரத்தின் பின்னால் புதியதை நட்சத்திரத்தால் ஒட்டி `walk`க்குக் கொடுத்தால் போதும், விட்ட இடத்துக்கே வந்து நிற்கும். முதலிலிருந்து நடக்கும் முறையால் கிடைத்த வசதி இது.

இரண்டாவது ஏற்பாடுதான் எனக்கு அதிகம் முக்கியமாகப் பட்டது. முதல் திரையில் 1, 2, 3 இவற்றில் ஒன்று அழுத்தப்பட்டு, அப்புறம் ஐந்து நிமிடம் எந்த அசைவும் இல்லை என்றால், உறுதி செய்யாமலேயே அது டாக்டரின் பட்டியலுக்குப் போய்விடும், 'பாதி' என்ற குறியோடு. உறுதி செய்யாத தகவலை அனுப்பலாமா என்று சங்கத்தில் கேட்டார்கள். போன் எண் இருக்கிறது, உறுப்பினர் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக ஊர் இருக்கிறது, மாடு எழவில்லை என்று தெரிகிறது. டாக்டர் ஒரு போன் செய்ய இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. விளையாட்டாக அழுத்தியவருக்கு வீணாக ஓர் அழைப்பு போகலாம். அந்தச் செலவு, கேட்காமல் விட்ட மாட்டின் செலவைவிட மிகக் குறைவு. சங்கமும் ஒத்துக்கொண்டது.

ஒரு முழு அழைப்பு சர்வர் பதிவில் எப்படித் தெரியும் என்று பார்த்தால் இதெல்லாம் ஒன்றாகப் புரியும். வெறும் `text`, முதல் திரை போனது. அடுத்து `.` வந்தது, எழுத்து முறையில் திறந்த போன், 1 என்று எடுத்துக்கொண்டு கன்று கேள்வி போனது. அடுத்து `.*d`, அதாவது 'வெகு நாள் முன்பு'. உறுதித் திரையில் `Amezaa zamani` என்று பார்த்திருக்கிறார், `.*d* ` வந்தது. கடைசியில் இருப்பது இடைவெளி, அதாவது 0 பட்டன். ஒரு படி பின்னால். பிறகு `.*d* *.`, 'இன்று அல்லது நேற்று'. மறுபடி உறுதித் திரை, மறுபடி `.`, அனுப்பியாயிற்று. டாக்டரின் போனில் வந்தது ஒரு வரி: எழவில்லை, நேற்றோ இன்றோ ஈன்றது, ஊர், எண். நடுவில் நடந்த தடுமாற்றம் எதுவும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இப்போது மீதி இருக்கும் குறை, ஒரே போன் எண்ணிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு மாடுகள். அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒரு போனைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் உண்டு. ஒருவர் பாதியில் விட்ட அழைப்பை அடுத்தவர் `1 Endelea` அழுத்தித் தொடர்ந்தால், ஒரு மாட்டின் முதல் பதிலும் இன்னொரு மாட்டின் இரண்டாம் பதிலும் சேர்ந்து ஒரே மாடாகிவிடும். உறுதித் திரையில் பெரும்பாலும் பிடிபடுகிறது, ஆனால் எப்போதும் இல்லை. தொடரும் திரையில் பழைய பதிலையும் காட்டி, `Hawezi kusimama: 1 Endelea 2 Ng'ombe mwingine` என்று, இதே மாடா வேறு மாடா எனக் கேட்கும்படி மாற்றி எழுதியிருக்கிறேன். அடுத்த பால் பணம் கொடுக்கும் நாளில், எல்லோரும் சங்கத்துக்கு வரும்போது, அவர்கள் போனிலேயே அதைச் சோதிக்கப் போகிறோம்.